ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கம்ப்ரசரின் கணக்கு

சிறிய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர், விசிறி வைத்த கண்டன்சர், கேப்பிலரி குழாய், தண்ணீரில் முழுகிய செம்புச் சுருள். ஆர்-134ஏ வாயு நிரப்பி மூடிய இந்த நான்கும் போதும், குளிர்பதனச் சுழற்சியைக் கண்ணெதிரே ஓட்டிவிடலாம். ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை யூனிட் வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுகிறது என்பதுதான் கேள்வி. அந்த விகிதத்துக்குப் பெயர் செயல்திறன் கெழு.

அறை 30 டிகிரி என்றால், வெப்பக்காப்பு செய்த பாத்திரத்தில் 5 கிலோ தண்ணீரை 35 டிகிரியில் வைத்துத் தொடங்கி 25-ல் நிறுத்துங்கள். முதல் பாதியில் வெளியே கசியும் வெப்பமும் இரண்டாம் பாதியில் உள்ளே வருவதும் ஏறக்குறைய ஈடாகிவிடும். தண்ணீரை விடாமல் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிட, மேலே தொங்கும் வெப்பமானி பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பத்து டிகிரி இறங்க 15 நிமிடம் ஆனது, வாட்மீட்டர் சராசரி 110 வாட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம்.

வெப்பம் = 5 × 4.186 × 10 = 209 கிலோஜூல்
மின்சாரம் = 0.110 × 900 = 99 கிலோஜூல்
கெழு = 209 ÷ 99 = 2.1

வாட்மீட்டர் இல்லையென்று 230 வோல்ட்டை 0.8 ஆம்பியரால் பெருக்கினால் 184 வரும், கெழு 1.3-க்குச் சரியும். மோட்டாரின் திறன் காரணி ஒன்றுக்கு வெகு கீழே இருப்பதால் அந்த 184 வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர்தான்.

அடுத்து, சுழற்சியின் உச்சவரம்பு. ஆவியாதல் 0 டிகிரி, நீர்மமாதல் 45 டிகிரி என்றால், ஆர்-134ஏ அட்டவணைப்படி இழப்பே இல்லாத கம்ப்ரசருக்குக் கெழு 4.9 அளவில் வரும். நமக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. மீதி மோட்டாரிலும் உராய்விலும் போகிறது. கம்ப்ரசரின் வெளிக்கூட்டைத் தொட்டால் சுடுவதே சாட்சி.

அந்த 45-ஐ அளக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் குழாயில் 70 டிகிரி இருக்கலாம். ஆனால் அது இன்னும் நீர்மமாகத் தொடங்காத, மிகைச்சூடான வாயு. கண்டன்சரின் நடுவளைவில் தெர்மோகப்பிளை ஒட்டி, மேலே நுரைநாடா சுற்றுங்கள். சுற்றாமல் விட்டால் விசிறிக்காற்று சில டிகிரியைத் தின்றுவிடும்.

தண்ணீரை இன்னும் குளிரவிட்டுப் பார்க்கும் ஆசை வரும். சுருளில் பனி படியத் தொடங்கினால் மேலே போட்ட கணக்கு செல்லாது. 60 கிராம் பனி உருவாகவே 20 கிலோஜூல் போகும். வெப்பமானியில் அது தெரியவே தெரியாது.

நிறுத்தியவுடன் மறுபடி ஓட்டாதீர்கள். கேப்பிலரி வழியே இருபக்க அழுத்தமும் சமமாக ஐந்து நிமிடமாவது விடவேண்டும். அவசரப்பட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது; சில நொடிகளில் ஓவர்லோட் பாதுகாப்பு சுவிட்ச் 'டிக்' என்று மின்சாரத்தைத் துண்டிக்கும்.