மடிநோய்: சொல்லும் அது குறிக்கும் நோயும்

கால்நடை மருத்துவர் சீட்டில் ‘மாஸ்டைடிஸ்’ என்று எழுதுவதை ஊரில் மடிநோய் என்கிறோம். மடிவீக்கம் என்பாரும் உண்டு. வேளாண் ஏடுகளில் மடி அழற்சி என்று வரும்.

மாஸ்டைடிஸ் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். ‘மாஸ்டோஸ்’ என்றால் முலை. ‘ஐடிஸ்’ என்ற விகுதிக்கு முதலில் ‘அதைச் சேர்ந்தது’ என்பதுதான் பொருள். அதையடுத்து வரவேண்டிய ‘நோய்’ என்ற சொல் தொக்கி நின்றது. அழற்சி என்ற பொருள் அந்த விகுதிக்குப் பின்னாளில் ஏறியது. ஆக, பழைய பொருளை வைத்துப் பார்த்தால் மடிநோய் சரியான நேர்ச்சொல். இன்றைய மருத்துவப் பொருளுக்கு மடி அழற்சி பொருந்தும். அழற்சிக்கு வேர் அழல், அதாவது நெருப்பு. சூடு, சிவப்பு, வலி, வீக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும். பசுவின் மடிக்குச் செருத்தல் என்று ஓர் இலக்கியச் சொல்லும் உண்டு, ஆனால் தொழுவத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பேச்சில் மடிநோய், எழுத்தில் மடி அழற்சி என்று வைத்துக்கொள்ளலாம். மடிவீக்கம் என்பதை மட்டும் நோயின் பெயராக்க வேண்டாம். வீக்கம் வந்தால்தான் நோய் என்று அந்தப் பெயர் நினைக்க வைத்துவிடும். பெரும்பாலான மாடுகளில் மடி வீங்காமலே நோய் இருக்கும்.

கிருமி எப்படி உள்ளே போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு துளை, அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தசை. கறவை முடிந்ததும் அந்தத் தசை உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வழி திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியும் கோமியமும் கிடக்கும் தரையில் படுத்தால் ஈ.கோலை போன்ற கிருமிகள் ஏறிவிடும். இன்னொரு வகை தரையிலிருந்து வருவதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நோயுள்ள காம்பில் குடியிருந்து, கறப்பவர் கை, துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் குவளை வழியாக அடுத்த மாட்டுக்குப் போகும். தரை சுத்தமாக இருந்தும் தொழுவத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மாடுகளுக்கு நோய் வந்தால் கையையும் துணியையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பாலுக்குள் இறங்கும். ஒரு மில்லி பாலில் அணுக்கள் 2 லட்சத்தைத் தாண்டினால் அந்த மடியில் தொற்று இருக்கிறது என்று பொதுவாகக் கொள்வார்கள். அப்போதும் மடி மெத்தென்று இருக்கும், பால் வெள்ளையாகவே வரும், மாடு நன்றாகத் தின்னும். அளவு மட்டும் கொஞ்சம் குறையும், சில சமயம் பால் லேசாக உப்புக் கரிக்கும். தீவனம் சரியில்லை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள்.

இந்த மறைந்த நிலையைக் கண்டுபிடிக்க 1957-இல் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் ஓர் எளிய சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். வீட்டிலேயே செய்ய அதன் தத்துவம் போதும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து, அதே அளவு கரைசலை ஊற்றி மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள பால் ஓரிரு நிமிடத்தில் கொழகொழவென்று கட்டும். சோப்பு வெள்ளணுக்களை உடைக்க, அவற்றின் உள்ளேயிருக்கும் மரபுப் பொருள் வெளிவந்து கூழாவதால் வரும் கட்டு அது. கன்று ஈன்ற முதல் சில நாளும், பால் வற்றும் தறுவாயிலும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்; அப்போது நல்ல மடியிலும் அணுக்கள் கூடுதலாகவே இருக்கும்.

நாள்தோறும் பார்க்க வேண்டியது முதல் பீச்சல். நம் ஊரில் பலர் கன்றை ஊட்டவிட்டுத்தான் கறக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: நோய் முதலில் தெரியும் பால் கன்றின் வாய்க்குள் போய்விடுகிறது. ஆகவே கன்றை அவிழ்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீச்சு, கறுப்புத் துணி கட்டிய ஒரு குவளையில் பீச்சிப் பாருங்கள். தரையில் பீச்சினால் கிருமி அங்கேயே தங்கிவிடும், கண்ணுக்கும் சரியாகத் தெரியாது.

ஒரு கலப்பின ஜெர்சி பசு, ஈன்று இரண்டு மாதம், காலையில் ஆறு லிட்டர் கறப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரமாகப் பால் ஐந்தரையில் நிற்கிறது. ஒரு நாள் கறுப்புத் துணியில் இடது பின் காம்பின் பால் மட்டும் சிறு திரிகளோடு விழுகிறது. நாலாவது பீச்சுக்கு அப்புறம் பால் நன்றாகவே வருகிறது. வீக்கம் இல்லை, சூடு இல்லை. இதுதான் மருத்துவரை அழைக்க வேண்டிய நாள். நான்கு மடிப்பகுதிக்கும் உள்ளே தொடர்பு கிடையாது, மற்ற மூன்றையும் காப்பாற்றிவிடலாம். அந்தக் காம்பைக் கடைசியில் தனிப் பாத்திரத்தில் கறந்து கொட்ட வேண்டும். கன்றுக்கும் கொடுக்கக் கூடாது. மருந்து ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பாலை சுத்தமான குப்பியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். மருந்து ஏற்றியபின் மருத்துவர் சொல்லும் நாள் வரை நான்கு காம்பின் பாலையும் விற்கக் கூடாது. பால் வரவில்லையென்று வேப்பங்குச்சியையோ ஈர்க்கையோ காம்புக்குள் விடுவது பெரிய கேடு. அதோடு அந்தக் காம்பு போய், மாடு சந்தையில் ‘மூணு காம்பு மாடு’ ஆகிவிடும்.

திடீரென்று காய்ச்சல் வந்து, பால் தண்ணீர் போல வெளுத்து, மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் அது வேறு கதை. அந்த வேகமான தொற்றில் ஒரு நாள் தாமதம்கூட மாட்டின் உயிரை வாங்கும்.

இனி தினசரிக் கறவை. இளம் மாடும் நோயில்லாத மாடும் முதலில், நோயுள்ளது கடைசியில். நகம் வெட்டிய கையை சோப்பால் கழுவி, முதல் பீச்சலைப் பார்த்து, கன்று ஊட்டியபின் காம்பைக் கழுவுங்கள். கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். ஈரக் காம்பில் மடியின் அழுக்கெல்லாம் நுனிக்கு வடிந்து நிற்கும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியால் வரிசையாகத் துடைப்பது நோயை விநியோகிப்பதாகிவிடும். சுரப்பு இறங்கியதும் இடைவிடாமல், ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் நசுக்காமல், முழுக் கையால் பிடித்துக் கறந்தால் காம்பின் உட்தோல் புண்ணாகாது. வழவழப்புக்குப் பாலையோ எச்சிலையோ தடவும் பழக்கமும் வேண்டாம்.

கடைசிப் பீச்சு முடிந்த கையோடு ஒவ்வொரு காம்பையும் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கால் பங்கு முங்குமாறு தோய்க்க வேண்டும். மூன்று பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு கிளிசரின் சேர்த்தால் தோல் வெடிக்காது. ஒரு சின்னக் குவளை போதும். மீதியைத் திரும்பப் புட்டியில் ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். பிறகு பசுந்தீவனத்தை முன்னால் போடுங்கள். தின்று முடிக்கும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும், துளையும் அதற்குள் மூடத் தொடங்கும். கறவைக்கு முன்பே தீவனத்தை எல்லாம் கொடுத்துவிடும் வீடுகளில் மாடு கறந்ததும் படுத்துவிடுகிறது. அங்கே பாதித் தீவனத்தைக் கறந்தபின் போடும்படி மாற்றினால் செலவில்லாமலே காரியம் நடக்கும்.