யாரும் எழுதவில்லை என்பது இடைவெளி ஆகாது

"சிங்கப்பூரில் தனியுரிமையும் தரவுப் பாதுகாப்பும்: ஒரு சட்டப் பார்வை." இந்தப் பருவத்தில் சட்ட மாணவர்களிடமிருந்து எனக்கு வந்த ஐந்தாவது தரவுப் பாதுகாப்பு ஆய்வேட்டுத் தலைப்பு இது. மற்ற நான்கில் 'சட்டப் பார்வை' என்ற இடத்தில் 'ஓர் ஆய்வு' என்று இருந்தது, அவ்வளவுதான் வேற்றுமை. பத்தாயிரம் சொல்லில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு ஓர் அலமாரிப் புத்தகம் கேட்கும் தலைப்பு. அதற்குக் கீழே, ஐவருமே சொல்லிவைத்தாற்போல ஒரே வரி எழுதியிருந்தார்கள்: "இதுகுறித்து சிங்கப்பூரில் போதிய ஆய்வுகள் இல்லை."

அந்த வரியைப் படித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. வழக்கறிஞராக இருந்த காலத்தில், "எதிர்த்தரப்பிடம் சாட்சியே இல்லை" என்று வந்து உட்காரும் கட்சிக்காரர்களைப் பார்த்து வந்த அதே கோபம். இல்லையா, நீங்கள் தேடவில்லையா?

ஐந்தாவது மாணவியை உணவங்காடி நிலையத்துக்கு வரச் சொன்னேன். தே தாரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். முதல் பக்கத்தில் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் 2018ஆம் ஆண்டு நடந்த ஊடுருவல். ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. 2019இல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினி அமைப்பைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்குமாக 10 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. எல்லாருடைய முதல் பக்கமும் இதுதான்.

"சரிம்மா, அந்தப் பத்து லட்சத்தில் நோயாளிக்கு எவ்வளவு போனது?"

"நோயாளிக்கா சார்? ஒன்றும் போகாது. அது அபராதம்."

"அப்படியானால் நோயாளி என்ன செய்யலாம்?"

அவள் யோசித்தாள். வழக்குப் போடலாமா என்று இழுத்தாள். அந்த ஒரு நிமிடத்தில் தலைப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆணையம் நிறுவனத்தைத் தண்டிப்பது ஒரு சாலை. பாதிக்கப்பட்டவர் தானே நீதிமன்றம் போவது வேறொரு சாலை. இரண்டுக்கும் சட்டப் பிரிவு வேறு, தீர்ப்புகள் வேறு, வாதங்கள் வேறு. இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் அடைத்தால் இரண்டும் மேலோட்டமாகத்தான் முடியும்.

தலைப்பைச் சுருக்குவது என்றால் நாட்டின் பெயரையும் ஆண்டையும் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். "2012 முதல் 2024 வரை சிங்கப்பூரில்" என்று எழுதினால் தலைப்பு நீள்கிறது, கேள்வி பிறப்பதில்லை. யார், யாருக்கு எதிராக, எந்தப் பிரிவின்கீழ், எந்தப் பரிகாரம் கேட்கிறார், அவருக்குக் குறுக்கே நிற்கும் சொல் எது? இந்தக் கடைசிப் பதிலில்தான் ஆய்வேடு இருக்கும்.

ஆய்வேட்டை அவள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனாலும், "உங்கள் பாட்டியிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்" என்றேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "என் விவரத்தை ஒருவன் சட்டத்தை மீறி எடுத்துப் பயன்படுத்திவிட்டான் பாட்டி. எனக்குப் பணம் ஒன்றும் போகவில்லை. தூக்கம்தான் போயிற்று. வழக்குப் போட முடியுமா?"

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 48ஓ பிரிவு, சட்டமீறலால் நேரடியாக "இழப்போ சேதமோ" அடைந்தவருக்கு வழக்குத் தொடரும் உரிமை தருகிறது. தூக்கம் போனது இழப்பா? ரீட் எதிர் பெல்லிங்ஹாம் வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது ([2022] SGCA 60). மனவேதனையும் இழப்பில் அடங்கும். தரவின்மீது கட்டுப்பாடு போனது மட்டும் அடங்காது என்றது. எல்லா மீறலிலும் ஏதோ ஒரு கட்டுப்பாடு போகத்தான் செய்யும். அதையே இழப்பு என்றால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வேலையே இல்லாமல் போய்விடும். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: அற்பமான எரிச்சலுக்கும், வாழ்க்கையில் எவருக்கும் வந்துபோகும் கசப்புக்கும் வழக்குப் போட முடியாது.

ஆங்கிலத்தில் வளவளவென்று தெரிகிற விஷயம் தமிழில் பளிச்சென்று விழுகிறது. எரிச்சல் எங்கே முடிகிறது, மன உளைச்சல் எங்கே தொடங்குகிறது? பாட்டி கேட்டால் இதைத்தான் கேட்பார்.

சரி, ஆய்வு இடைவெளிக்கு, அதாவது ஆய்வேடு நிரப்ப வேண்டிய இடத்துக்கு வருவோம். அவள் கணக்குப்படி இடைவெளி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. "கூகுள் ஸ்காலரில் தேடினேன் சார், ஒன்றுமே வரவில்லை." தேடிய சொல்லைக் காட்டச் சொன்னேன். 480 என்று தட்டியிருந்தாள். அது பூஜ்யம் அன்று, ஓ என்ற எழுத்து. நானும் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் எழுத்தைத் திருத்தினாலும் பாதிதான் கிடைத்திருக்கும். அந்தப் பிரிவு 2021 பிப்ரவரிக்கு முன்பு 32ஆம் பிரிவாக இருந்தது. ரீட் வழக்கே பழைய 32இன்கீழ் நடந்ததுதான். சிங்கப்பூர் 'மனவேதனை' என்பதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 'பொருள்சாராச் சேதம்' என்கிறது. இங்கிலாந்தின் 1998 சட்டம் வெறுமனே 'வேதனை' என்றது. ஒரே பொருளுக்கு மூன்று பெயர், ஒரே பிரிவுக்கு இரண்டு எண். சிங்கப்பூர்த் தீர்ப்புகளைத் தேடும் லாநெட் தளத்தில் இப்படித் தட்டச் சொன்னேன்:

```
("section 32" OR "section 48O") AND "Personal Data Protection Act"
AND (distress OR "loss of control" OR "non-material damage")
```

திரை நிரம்பிவிட்டது. அவள் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இடைவெளி இல்லையா சார்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பற்றி யாரும் எழுதவில்லை என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். விடை எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கலாம். தீர்ப்பு போன மாதம்தான் வந்திருக்கலாம். வேறு பெயரில் எழுதியிருக்கலாம். கேள்விக்கே பொருள் இல்லாமல் இருக்கலாம். இவற்றுள் ஒன்றுகூட ஆய்வேட்டுக்கு உதவாது. சிங்கப்பூரில் தேங்காய் மரம் ஏறுவோரின் தரவுரிமை பற்றியும் யாரும் எழுதவில்லை. அதனால் அது ஆய்வுப்பொருள் ஆகிவிடுமா? சட்டத்தில் இடைவெளி ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். ஒருவர் ஒன்று சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார், இருவரும் மூன்றாவது ஒன்றைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்றாவதைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. எனவே கட்டுரைகள் நிறையக் கிடைத்தால் மகிழுங்கள். அங்கே ஒரு சண்டை நடக்கிறது என்று பொருள்.

அவளிடம் ஒரு தாளில் அட்டவணை வரைந்து நான்கு பத்தி போடச் சொன்னேன். எழுதியவர் எப்போது எழுதினார், எந்தக் கேள்விக்கு விடை தேடினார், என்ன விடை சொன்னார், எதைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். கடைசிப் பத்தியை நிரப்புவது கடினம். அதனால் எல்லாரும் அதை விட்டுவிட்டுப் படித்தவற்றைச் சுருக்கி எழுதிக்கொண்டு வருகிறார்கள். சுருக்கம் எனக்கு வேண்டாம். அதை நானே படித்துக்கொள்வேன்.

இரண்டு வாரம் கழித்துத் தாள் வந்தது. அவள் சேர்த்தவற்றில் பெரும்பாலானவை மனவேதனை இழப்பில் அடங்குமா, அடங்காதா என்ற சண்டைதான். அடங்கும் என்று தீர்ப்பு வந்ததும் பலர் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அற்ப எரிச்சலை விலக்கிய வரியைப் பலரும் ஏற்றுக்கொண்டு கடந்துபோயிருந்தார்கள். கடைசிப் பத்தியில் அதே குறிப்பு ஏழெட்டு முறை வந்திருந்தது. அவளே சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள்.

நான் ஒரு தேதியை மட்டும் சேர்த்தேன். 2023 மே 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனம் தொடர்பான வழக்கில் (C-300/21) இரண்டு விஷயங்கள் சொன்னது. விதியை மீறியதாலேயே இழப்பீடு வந்துவிடாது, சேதம் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சேதம் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கவும் கூடாது. முதல் பாதியில் சிங்கப்பூரோடு ஒத்துப்போகிறது, இரண்டாம் பாதியில் எதிர்த்திசையில் போகிறது. அதற்கு முன்பு எழுதிய எவரும் இந்த முரண்பாட்டைப் பார்த்திருக்க முடியாது. பின்பு எழுதியவர்கள் பார்த்தார்களா என்று தேடுவது அவள் வேலை.

ஒப்பீட்டில் எச்சரிக்கை வேண்டும். அவள் இந்தியாவையும் சேர்க்க விரும்பினாள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். இந்தியாவின் 2023 சட்டம் அபராதம் பேசுகிறது, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பிரிவு அதில் இல்லை. எரிச்சலுக்கும் உளைச்சலுக்கும் எல்லைக்கோடு போடும் வேலையே அங்கே எழாது. அதே கேள்வி எழுந்த நாட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். சுற்றுலாவுக்கு வேறு சமயம் போகலாம்.

கடைசியில் அவள் கேள்வி இப்படி அமைந்தது: 48ஓ பிரிவின்கீழ் வழக்காட மனவேதனை அற்பமாக இருக்கக்கூடாது என்று 2022இல் வைக்கப்பட்ட வரம்பைச் சட்டத்தின் சொற்களும் நோக்கமும் தாங்குகின்றனவா? இதற்கு 'தாங்குகின்றன' என்றும் நேர்மையாக வாதாடலாம். வழக்குகள் குவிந்துவிடும், சிறு நிறுவனங்கள் திணறும் என்று ஆள் வருவார். மறுப்பவர் ஒருவரை மனத்தில் நிறுத்த முடியாவிட்டால் அது கேள்வியே இல்லை, கட்டுரைப் போட்டித் தலைப்பு. தேவைப்படும் சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: சட்டம், 2012, 2020 நாடாளுமன்ற உரைகள், தீர்ப்புகள், கட்டுரைகள். நூறு பேரிடம் "தூக்கம் போனதா" என்று கேள்வித்தாள் அனுப்ப வேண்டியதில்லை. அப்படி அனுப்பப் போகிறேன் என்று வருபவர்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எத்தனை வாரம் ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக. முன்மொழிவில் 'இடைவெளி' என்ற சொல்லையே எழுதாதீர்கள். இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அப்படி, இருவரும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள், அது சந்தேகத்துக்குரியது, ஏனென்றால்... என்று எழுதுங்கள். அந்த 'ஏனென்றால்' வராவிட்டால் திரும்பிப் போய்ப் படியுங்கள். முக்கியத் தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகள் அனைத்தையும், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பையும் விடாமல், தொடங்கும்போது ஒருமுறை, ஒப்படைப்பதற்கு முந்தைய வாரம் ஒருமுறை பாருங்கள். தயவுசெய்து பாருங்கள். என் கையால் மதிப்பெண் குறைக்க வைக்காதீர்கள்.

போன செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு அவளிடமிருந்து மின்னஞ்சல். 2023க்குப் பின் வந்த ஒரு கட்டுரை கிடைத்துவிட்டது, இரு வரம்புகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள், என் தலைப்பு போய்விட்டது சார் என்று ஒரே புலம்பல். கடைசிப் பத்தியை நிரப்பினாயா என்று மட்டும் பதில் போட்டேன். காலையில் எழுதியிருந்தாள்: கட்டுரையாசிரியர் இரு சட்டங்களின் நோக்கமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறாராம். ஐரோப்பிய விதி தரவுப் பாதுகாப்பை அடிப்படை உரிமையாகப் பார்க்கிறது. நம் சட்டத்தின் 3ஆம் பிரிவோ தனிநபரின் உரிமையையும் நிறுவனங்களின் தேவையையும் சேர்த்தே பேசுகிறது. "இரண்டாம் அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்கலாமா சார்?"

தொடங்கு என்றேன்.