ஒரே ஃபைல் திரும்பத் திரும்பத் தோற்றால்

வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பிறந்தால் கேம் ஆடுகிற பையன்கள் வரிசையாக வருவார்கள். லீவு ஒரு காரணம், இந்த ஊர் வெயில் இன்னொரு காரணம். சூட்டில் மெஷின் நின்றுபோவது தனிக்கதை. நான் சொல்ல வருவது வேறு ஒரு புகாரை: "அண்ணா, வெரிஃபை பண்ணா ஒரு ஃபைல் ஃபெயில்னு வருது, டவுன்லோட் ஆகுது, மறுபடி பண்ணா மறுபடி அதே."

முதலில் அந்த வெரிஃபை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டீமில் கேம் பெயரில் ரைட் கிளிக் செய்து Properties, Installed Files போனால் `Verify integrity of game files` என்று இருக்கும். அதை அழுத்தினால் ஸ்டீம் கேமை ஓட்டிப் பார்ப்பதில்லை. கேமின் ஒவ்வொரு ஃபைலும் சுமார் 1 எம்பி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி ஹாஷ் எண் பட்டியலில் இருக்கிறது. உங்கள் டிஸ்கில் இருப்பதைப் படித்து, அதே கணக்கைப் போட்டு, பட்டியலோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் வேறாகிவிடும். அந்தத் துண்டை மட்டும் திரும்ப இறக்கிக்கொள்ளும். இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். ஃபைல் கெட்டிருந்தாலும் எண் ஒத்துவராது. ஃபைல் நன்றாக இருந்து, படிக்கிற வழியில் கெட்டாலும் ஒத்துவராது. இரண்டுக்கும் திரையில் வருவது ஒரே வரிதான்:

```
1 file failed to validate and will be reacquired
```

எந்த ஃபைல் என்று இந்த வரி சொல்லாது. ஸ்டீம் ஃபோல்டருக்குள் `logs\content_log.txt` என்று ஒன்று இருக்கிறது. நோட்பேடில் திறந்து, கடைசியிலிருந்து மேலே `Validation` என்று தேடினால் பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் தெரியாமல் அன்-இன்ஸ்டால் செய்து முழு கேமையும் மறுபடி இறக்குவது வீண் வேலை.

பெயர் கிடைத்ததும் நான் பார்ப்பது ஒன்றுதான். வெரிஃபை முடிந்து, இறக்க வேண்டியது இறங்கியதும், கேமைத் திறக்காமல் உடனே இன்னொரு முறை வெரிஃபை. இதில் பாஸாகி, கேம் ஒருமுறை ஆடிய பிறகு மட்டும் ஃபெயில் ஆனால், கேமோ நீங்கள் போட்ட மோடோ அந்த ஃபைலை மாற்றி எழுதுகிறது. பெயர் `.ini`, `.cfg` என்று முடிந்தால் அது உங்கள் செட்டிங்ஸ் ஃபைலாக இருக்கும். கேம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் விட்டுவிடலாம், ஸ்டீமே இது சகஜம் என்றுதான் சொல்கிறது. பெயர் `.exe` அல்லது `.dll` என்று முடிந்து, ஃபைலே காணாமல் போகிறது என்றால் Windows Security-இல் Protection history பாருங்கள். ஆன்டிவைரஸ் தூக்கி உள்ளே வைத்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய கேம் என்றால் விலக்கு கொடுக்கலாம். எங்கிருந்தோ எடுத்துப் போட்ட கிராக் ஃபைல் என்றால் ஆன்டிவைரஸ் சொல்வதை நம்புங்கள், என்னிடம் விலக்கு போட்டுத்தரச் சொல்லாதீர்கள்.

கேமைத் திறக்காமலே, அடுத்தடுத்த வெரிஃபையிலும் அதே ஃபைல் ஃபெயில் ஆகிறது, அதுவும் கேமின் பெரிய டேட்டா ஃபைல் என்றால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கேஸ். போன மே மாதம் சாத்துவாச்சாரியிலிருந்து வந்த கல்லூரிப் பையனுடையது அப்படித்தான். நானே அதில் ஒருநாள் ஏமாந்தேன்.

கேம் மொத்தம் 46 ஜிபி. ஃபெயில் ஆகிற ஃபைல் `pakchunk0-WindowsNoEditor.pak`. ஒவ்வொரு முறையும் இறங்குவது 1 எம்பி, சில சமயம் 3 எம்பி. மூன்று வாரமாக இதே ஃபைல்தான். கேம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் என்றில்லாமல் எங்கெங்கோ மூடிக்கொள்கிறது. எப்போதாவது புளூ ஸ்கிரீனும் வருகிறது; அவன் அதை வெயில் கணக்கில் எழுதிவிட்டான்.

எப்போதும் ஒரே ஃபைல் என்றதும் எனக்கு டிஸ்க் மீதுதான் சந்தேகம் போனது. அந்த ஃபைல் உட்கார்ந்திருக்கிற இடம் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். CrystalDiskInfo போட்டுப் பார்த்தால் எஸ்எஸ்டி சுத்தமாக இருந்தது. கேபிள் கோளாறைக் காட்டும் சிஆர்சி எண்ணும் பூஜ்யம். Event Viewer-இல் டிஸ்க் பெயரில் ஒரு எரர்கூட இல்லை. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். டிஸ்கில் ஓர் இடம் கெட்டால் அது தப்பான டேட்டாவைச் சத்தமில்லாமல் கொடுப்பது அபூர்வம். டிஸ்க் தனக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளும், முடியாவிட்டால் 'படிக்க முடியவில்லை' என்று எரர் கொடுக்கும், மெஷின் அந்த இடத்தில் இழுத்து நிற்கும். இங்கே இழுப்பும் இல்லை, எரரும் இல்லை. ஆனாலும் நான் கேமை இன்னொரு டிஸ்கிற்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே ஃபைல்.

அப்புறம்தான் அந்த ஃபைலின் அளவைப் பார்த்தேன். 38 ஜிபி. 46-இல் 38 என்றால் ஆறில் ஐந்து பங்கு கேம் அந்த ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது. மொட்டை மாடியும் திண்ணையும் இருக்கிற வீட்டில் மழைத்துளியை எண்ணினால் மாடியில்தான் அதிகம் விழுந்திருக்கும். மழைக்கு மாடி மேல் பகை என்று அர்த்தமில்லை. எங்கே வேண்டுமானாலும் விழக்கூடிய தப்பு, பெரிய ஃபைலில் விழுந்துகொண்டிருந்தது. லாகைத் திரும்பப் பார்த்தால் ஃபைல் பெயர்தான் ஒன்று. உள்ளே கெட்ட துண்டு ஒவ்வொரு முறையும் வேறு.

இதை உறுதி செய்ய ஸ்டீமே வேண்டாம். விண்டோஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. கேம் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடிக்க வேண்டும்:

```
certutil -hashfile pakchunk0-WindowsNoEditor.pak SHA256
```

ஸ்டீமை மூடிவிட்டு, எதையும் எழுதாமல், இதை மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது. யாரும் தொடாத ஃபைல் ஒவ்வொரு வாசிப்பிலும் மாறுகிறது என்றால், குற்றம் ஃபைலில் இல்லை, அது கடந்து வருகிற வழியில் இருக்கிறது. டிஸ்கும் கேபிளும் கழிந்துவிட்டதால் மிச்சம் ரேம்தான் முதல் சந்தேகம். மூன்றும் ஒரே எண்ணாக வந்திருந்தால், ஃபைல் டிஸ்கிலேயே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று அந்தப் பக்கம் போயிருப்பேன்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் ஒருமுறை படித்த ஃபைலை ரேமில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே கொடுத்துவிடும். 2 ஜிபி ஃபைலை மூன்று முறை ஓட்டி ஒரே எண் வந்தது என்று திருப்திப்படக் கூடாது. கெட்ட நகலையே மூன்று முறை எண்ணியிருக்கலாம். இவனுடைய மெஷினில் ரேம் 16 ஜிபி, ஃபைல் 38 ஜிபி. முழுதும் ரேமில் அடங்காது. சின்ன ஃபைல் என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

"ரேம் எப்போ போட்டே தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணு மெஷினோட வந்ததுண்ணா. இன்னொண்ணு ஆற்காட்ல மாமா பையன் குடுத்தான், பொங்கலுக்கு."

பென் டிரைவில் MemTest86 ஏற்றி, ராத்திரி கடை மூடும்போது ஓடவிட்டுப் போனேன். காலையில் திரை சிவப்பாக இருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்று ரேமை வேகமாக ஓட்டுகிற செட்டிங் இருக்கும். நல்ல ரேம்கூட அதில் தடுமாறுவதுண்டு. அதை அணைத்து ஓட்டினேன், எரர் குறைந்தது, நிற்கவில்லை. ரேமில் குறைந்த எரர் என்று ஒன்று இல்லை, ஒன்று வந்தாலும் வந்ததுதான். இரண்டையும் கழற்றி, கான்டாக்டை ரப்பர் வைத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். மெஷினோடு வந்தது நாலு பாஸும் சுத்தம். ஆற்காட்டு ரேம் முதல் பாஸிலேயே விழுந்தது. ஸ்லாட் மாற்றிப் போட்டேன், அங்கேயும் விழுந்தது. ஆக மதர்போர்டு தப்பித்தது.

இவ்வளவு கெட்ட ரேமோடு நாலு மாதம் எப்படி ஓடியது என்று அவன் கேட்டான். ரேம் முழுதும் கெடவில்லை, சில இடங்கள்தான் கெட்டிருக்கின்றன. சாதாரண வேலையில் அந்த இடத்தில் முக்கியமான எதுவும் வந்து உட்காராது. 38 ஜிபியை வரிசையாகப் படிக்கும்போது மெஷின் காலியாக இருக்கிற ரேம் முழுவதையும் நிரப்பி நிரப்பிக் காலி செய்கிறது. கெட்ட இடத்தை மிதிக்காமல் போக முடியாது. அந்த வகையில் வெரிஃபை பட்டன் அவனுக்குத் தெரியாமலே மூன்று வாரமாக ரேம் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தது.

நல்ல ரேம் ஒன்றோடு மட்டும் மெஷினை ஏற்றி வெரிஃபை போட்டேன். மறுபடியும் ஒரு ஃபைல் ஃபெயில். பையன் முகம் சுருங்கியது. இது எதிர்பார்த்ததுதான். கெட்ட ரேம் இருந்த காலத்தில் இறங்கிய துண்டுகளில் சில, டிஸ்கிற்குப் போகும் வழியில் கெட்டு, நிஜமாகவே தப்பாக எழுதப்பட்டிருக்கும். இறக்கி முடித்ததும் கேமைத் திறக்காமல் இரண்டாவது வெரிஃபை: எல்லாம் சரி. certutil இரண்டு முறை, நடுவில் ரீஸ்டார்ட்: ஒரே எண்.

கேம் சரியாகிவிட்டது. ஸ்டீமிடம் பட்டியல் இருக்கிறது, கெட்டதைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். அந்த நாலு மாதத்தில் இந்த மெஷின் வழியாகக் காப்பி ஆன மற்ற ஃபைல்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஜிப் ஃபைல்களுக்குள் சரிபார்க்கும் எண் இருக்கும் என்பதால் 7-Zip-இல் Test போட்டேன். அவன் ப்ராஜெக்ட் ஜிப் பிழைத்தது. போட்டோக்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அக்கா கல்யாண ஃபோல்டரில், முகூர்த்தப் படம் ஒன்றில் தாலிக்குக் கீழே பாதி சாம்பல் நிறமாக இருந்தது. கடை வாசலிலேயே நின்று ஸ்டுடியோக்காரருக்கு போன் போட்டான், ஒரிஜினல் கார்டு இன்னும் அழிக்காமல் இருக்கிறதா என்று கேட்க.