கேள்வி என்றாலே 'எனி' போடுகிறவர்களுக்கு

தொடக்கநிலை ஆங்கிலத்தில் 'உன் அறையை விவரி', 'உன் ஊரை விவரி' என்ற இரண்டு பயிற்சிகள் தவறாமல் வரும். இந்த வாரம் திருத்திய நோட்டுகளிலும் அதே வாக்கியம்: "இஸ் தேர் எனி பேங்க் இன் யுவர் டவுன்?" பக்கத்திலேயே வேறொரு ஆசிரியர் ஏற்கெனவே போட்ட டிக். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஏன் 'எனி' போட்டாய் என்று கேட்டால், யோசிக்காமல் பதில் வருகிறது: "கேள்வி சார், அதான் எனி." சாதாரண வாக்கியத்துக்கு 'சம்', கேள்விக்கும் இல்லை என்பதற்கும் 'எனி' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த விதி பொய் இல்லை. ஆனால் இது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, நாம் சொல்லும் பொருள் என்ன என்பது. எண்ணக்கூடிய பொருள், அதுவும் ஒன்றே ஒன்று என்றால் அங்கே சம்முக்கும் எனிக்கும் வேலையே இல்லை. 'எ' அல்லது 'ஆன்' போதும். "தேர் இஸ் எ பேங்க்." "தேர் இஸ்ன்ட் எ பேங்க்." "இஸ் தேர் எ பேங்க்?" மூன்றிலும் 'எ' மாறவே இல்லை, பாருங்கள். சம், எனி என்ற பேச்சு பன்மையிலும், தண்ணீர், பால் போல எண்ண முடியாதவற்றிலும்தான் வரும்: "ஆர் தேர் எனி பேங்க்ஸ்?", "இஸ் தேர் எனி வாட்டர்?"

ஒரு மாணவரின் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்வோம். "தேர் இஸ் சம் டேபிள் இன் மை ரூம். தேர் இஸ் டூ சேர். தேர் ஆர் சம் ஃபர்னிச்சர்ஸ். தேர் இஸ்ன்ட் எனி டிவி."

முதல் வாக்கியத்தை ஆங்கிலம் பேசுகிறவர் 'ஏதோ ஒரு மேஜை கிடக்கிறது' என்று புரிந்துகொள்வார். "தேர் இஸ் சம் மேன் அட் த டோர்" என்றால் வாசலில் யாரோ ஓர் ஆள், யாரென்று தெரியவில்லை என்று அர்த்தம். தன் சொந்த மேஜையைப் பற்றி எழுதுகிற பையன் இதையா சொல்ல வந்தான்? "எ டேபிள்" என்று எழுதினால் முடிந்தது. கடைசி வாக்கியத்தில் டிவி ஒன்றுதான், ஆகவே "தேர் இஸ்ன்ட் எ டிவி."

இரண்டாவது வாக்கியம் தமிழிலிருந்து வருகிறது. நாம் 'ரெண்டு நாற்காலி இருக்கு' என்போம். நாற்காலியும் பன்மை ஆவதில்லை, 'இருக்கு'வும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் மாற வேண்டும்: "தேர் ஆர் டூ சேர்ஸ்." மூன்றாவதில் தவறு தலைகீழ். மேஜை, கட்டில், பீரோ எல்லாம் சேர்ந்திருந்தாலும் ஃபர்னிச்சர் ஆங்கிலத்தில் எண்ண முடியாத சொல். அதற்கு 'எஸ்' கிடையாது, 'ஆர்'உம் கிடையாது. "தேர் இஸ் சம் ஃபர்னிச்சர்" என்றே எழுத வேண்டும். ஊரை விவரிக்கும்போது டிராஃபிக்கும் இதே கதைதான்.

"அப்படியானால் 'இஸ் தேர் எனி ரீசன்?' என்று எல்லோரும் சொல்கிறார்களே" என்று சிலர் மடக்குவார்கள். சரிதான். காரணம், வாய்ப்பு, சந்தேகம் போன்ற சொற்களோடு ஒருமையிலும் 'எனி' இயல்பாக வரும். 'ஏதாவது ஒன்று இருந்தாலும் சொல்' என்ற அழுத்தம் அங்கே தேவைப்படுகிறது. பேங்க், பார்க், சோஃபா என்று அறையையும் ஊரையும் சொல்லும்போது அது தேவையில்லை. விதிவிலக்கை அப்புறம் படிக்கலாம், முதலில் இது படியட்டும்.

மாணவர்களே, கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி இருக்கிறதா என்று தேடாதீர்கள். கோட்டுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். அது ஒருமையா, பன்மையா, எண்ண முடியாததா என்று முடிவு செய்யுங்கள். 'இஸ்'ஸா 'ஆர்'ஆ என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சம்மா எனியா என்பதை அதற்குப் பிறகு பாருங்கள். 'நோ' வந்துவிட்டால் 'நாட்' வேண்டாம்: "தேர் ஆர் நோ பார்க்ஸ்" அல்லது "தேர் ஆர்ன்ட் எனி பார்க்ஸ்", இரண்டில் ஒன்று.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடைப்புக்குறிக்குள் 'சம், எனி' என்று இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு, பத்துக் கேள்விகளிலும் பன்மைச் சொற்களையே போடாதீர்கள். குழந்தை கேள்விக்குறியை மட்டும் பார்த்தே முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. தயவுசெய்து மூன்றாவதாக 'எ'யையும் சேருங்கள். நடுவில் ஒரு பேங்க், ஒரு ஃபர்னிச்சர், ஒரு டிராஃபிக் வையுங்கள். யாருக்கு எது புரியவில்லை என்பது திருத்தும்போதே தெரியும்.