பழைய காரின் எச்சரிக்கை விளக்குகள்: சார்ஜ் விளக்கை ஏன் முதலில் பார்க்க வேண்டும்

பெங்களூரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் பழுதைப் பதிவுசெய்து வைக்கும் கணினி கிடையாது. டேஷ்போர்டில் எரியும் ஒவ்வொரு விளக்கும் எளிய மின்சுற்று ஒன்றின் முனையில் இருக்கிறது. அந்தச் சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால், பானட்டைத் திறந்து பார்த்தே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். ஆயில் விளக்கின் ஒயர் எஞ்ஜின் பிளாக்கில் திருகப்பட்ட சிறிய பிரஷர் சுவிட்சுக்குப் போகிறது. எண்ணெயின் அழுத்தம் அந்தச் சுவிட்சைத் திறந்துவிட்டால் விளக்கு அணையும். எனவே அது காட்டுவது அழுத்தத்தையே அன்றி எண்ணெயின் அளவை அல்ல. அளவை அறிய வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுத்தான் பார்க்க வேண்டும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ மட்டும் விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பொருள். ஓடும்போது நிலையாக எரிந்தால் உடனே எஞ்ஜினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

சார்ஜ் விளக்கு இதைவிடச் சுவாரசியமானது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். அதன் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கிறது. எஞ்ஜின் நிற்கும்போது பேட்டரிப் பக்கம் சுமார் 12 வோல்ட், மறுபக்கம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரிகிறது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் இரு பக்கமும் சம வோல்ட்டுக்கு வந்துவிடுவதால் ஓட்டம் நின்று விளக்கு அணைகிறது. அரைகுறையாக மங்கி எரிந்தால் இரு பக்கத்துக்கும் இடையே சிறு வித்தியாசம் இருக்கிறது. டயோடு பழுதோ, துருவேறிய இணைப்போ காரணமாக இருக்கலாம். ஆனால் டைனமோ உள்ள மிகப் பழைய வண்டிகளில் ஐட்லிங்கில் லேசாக எரிவது இயல்புதான்.

பல ஆல்டர்னேட்டர்களில் இந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் மின்னோட்டமே உள்ளிருக்கும் சுருளுக்கு முதல் காந்த சக்தியைத் தருகிறது. பல்ப் ஃபியூஸ் போனால் எச்சரிக்கை இல்லாமல் போவதோடு, எஞ்ஜினை நன்றாக முறுக்கும்வரை சார்ஜே ஏறாமலும் போகலாம். அழகுக்காக அந்த இடத்தில் எல்.இ.டி. பல்ப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் வழியாகப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு.

ஓசூர் ரோடு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஓர் அம்பாசடரில் சார்ஜ் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பகல் நேரம், ஹெட்லைட் தேவையில்லை, பேட்டரியில் இருப்பதை வைத்தே வீடு போய்விடலாம் என்று ஓட்டுபவருக்குத் தோன்றும். ஆனால் அந்த வண்டியில் ஆல்டர்னேட்டரையும், ரேடியேட்டர் ஃபேனையும், வாட்டர் பம்பையும் ஒரே ஃபேன் பெல்ட்தான் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் முதலில் தெரிவது சார்ஜ் விளக்கு. வெப்பமானியின் முள் ஏறுவது அதற்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான். ஆகவே ஓரம் கட்டி, எஞ்ஜினை அணைத்து, பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பெல்ட் முழுதாக, இறுக்கமாக இருந்தால் தேவையற்ற விளக்குகளை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டலாம். அறுந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

வெப்பமானியை மட்டும் நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். குழாய் வெடித்துத் தண்ணீர் வடிந்துவிட்டால், எஞ்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வண்டிக்குள் அது நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது; மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும் என்பதால், ரப்பரைச் சோதிப்பது எஞ்ஜின் முழுதும் ஆறிய பிறகே.

புதிய பெல்ட் மாட்டியதும் இரண்டு புல்லிகளுக்கு இடையே உள்ள நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால், பொதுவாக ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். விறைப்பாக இருந்தால் வாட்டர் பம்பின் பேரிங் தேயும். பிறகு எஞ்ஜினை ஓட்டி, பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்தால் ஆல்டர்னேட்டர் வண்டியில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். புது பெல்ட் கொஞ்சம் நீளும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.