பேருந்து நிலையத்திலிருந்து அளக்காதீர்கள்

நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்த விவசாயி ஒருவர் 2024-இல் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய நிலத்துக்கு முதலில் கிடைத்த இழப்பீடு 62 லட்சம் ரூபாய். அது போதாது என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு செய்ததில் மேலும் 20 லட்சமும், அதற்கு வட்டியாக 6 லட்சமும் 2023-24 நிதியாண்டில் கிடைத்தன. "விவசாய நிலத்துக்கு வரி கிடையாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், அதனால் கணக்குத் தாக்கல் செய்யவில்லை" என்றார். ஊர் சொன்னதில் பாதி சரி.

கிராமப்புற விவசாய நிலத்தை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(14) பிரிவு மூலதனச் சொத்தாகவே கருதுவதில்லை. ஆகவே அதை விற்றாலும், அரசு எடுத்துக்கொண்டாலும் மூலதன ஆதாய வரி வராது. (2026 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய வருமானத்துக்குப் புதிய சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு.) ஆனால் சட்டம் சொல்லும் கிராமப்புறம் வேறு, நாம் கிராமம் என்று சொல்வது வேறு. நிலம் 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகராட்சிக்குள் இருக்கக் கூடாது. அதன் எல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள்ளும் இருக்கக் கூடாது. மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. "வேறு எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்" என்று சட்டம் சேர்த்துச் சொல்வதால், எங்கள் பக்கத்தில் இருப்பது பேரூராட்சிதானே என்று ஒதுக்கிவிட முடியாது. மக்கள்தொகைக்கு இப்போதும் 2011 கணக்கெடுப்பையே பார்க்கிறோம்.

அவர் கொண்டுவந்திருந்த கிராம நிர்வாக அலுவலரின் சான்றில் "நகரத்திலிருந்து 5 கி.மீ." என்று இருந்தது. எங்கிருந்து அளந்தார்கள் என்று விசாரித்தால், பேருந்து நிலையத்திலிருந்து, சாலை வழியாக! இந்த அளவு வருமான வரிக்கு உதவாது. நகராட்சியின் எல்லைக் கோட்டிலிருந்து நிலம் வரை நேர்கோட்டில், அதாவது காக்கை பறக்கும் தூரத்தை அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது 2.3 கிலோமீட்டர்தான் வந்தது. நகராட்சியின் மக்கள்தொகை 65,000 என்பதால் தப்பினார். அது 1 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 6 கிலோமீட்டர் விதி வந்திருக்கும். அந்த 5 கி.மீ. சான்றுகூட அவருக்கு எதிராகவே பேசியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நடுவில் இருந்த ஊராட்சி ஒன்றைப் பின்னாளில் நகராட்சியோடு இணைத்துவிட்டார்கள். இன்றைய எல்லையிலிருந்து அளந்தால் 2 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, நிலத்தை எடுப்பதாகச் சொல்லும் 3டி பிரிவு அறிவிக்கை வெளியான நாளிலேயே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. அந்த நாளின் எல்லையே கணக்கு. இணைப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. நாள், எல்லை, நேர்கோட்டுத் தொலைவு மூன்றையும் குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் புதிய சான்று வாங்கினோம்.

தொலைவில் தோற்றிருந்தாலும் கதை முடிந்திருக்காது. நகர்ப்புற விவசாய நிலத்தை அரசு கட்டாயமாக எடுத்தால் 10(37) பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். அதுவும் முந்தைய இரண்டு ஆண்டுகள் அவரோ பெற்றோரோ அங்கே பயிர் செய்திருக்க வேண்டும். பயிர்ப் பதிவேடான அடங்கலில் "தரிசு" என்று எழுதியிருந்தால் அங்கேயே வழுக்கிவிடும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் இழப்பீட்டு அவார்டு என்றால் அதன் 96-ஆம் பிரிவே வரி விலக்கு அளிக்கிறது. 2016-இல் நேரடி வரிகள் வாரியமும் சுற்றறிக்கை மூலம் இதை உறுதி செய்தது.

ஊர் சொன்னதில் தவறான பாதி, வட்டி. 62 லட்சத்துக்கும் கூடுதல் 20 லட்சத்துக்கும் வரி இல்லை. ஆனால் அந்த 6 லட்சத்தைத் துறை தனி வருமானமாகவே பார்க்கிறது. நீதிமன்றங்களில் இதை எதிர்த்து வாதாடியவர்கள் உண்டு. இந்தத் தொகைக்காக அந்த வழியில் போக நான் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த வட்டி என்றாலும், கைக்கு வந்த ஆண்டிலேயே முழுவதும் கணக்கில் வரும் என்கிறது 145பி பிரிவு. ஆறுதலாக, அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதி 3 லட்சமே வருமானம். அவருக்கு வரிக்குரிய வேறு வருமானம் இல்லை. புதிய வரி முறையில் அந்த ஆண்டின் அடிப்படை விலக்கு வரம்பும் 3 லட்சம். ஆக, வரி பூஜ்யம்.

ஆனால் நில எடுப்பு அலுவலகம் வட்டியில் 10 சதவீதம், அதாவது 60,000 ரூபாயைப் பிடித்துச் செலுத்தியிருந்தது. கணக்குத் தாக்கல் செய்யாமல் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. பிடித்தம் இவ்வளவு இருந்தாலே தாக்கல் கட்டாயம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்லவேளையாக 2024 டிசம்பர் 31 தாண்டுவதற்குள் வந்திருந்தார். வட்டியை வருமானமாகவும், 20 லட்சத்தை விலக்குப் பெற்ற தொகையாகவும் காட்டி, தாமதக் கணக்காகத் தாக்கல் செய்தோம்.