காலேஜ் ஃபீஸ் ஒரே நாளில் கட்டுவதில்லை

2020 ஜனவரியில் ஒருவர் ஆலோசனைக்கு வந்தார். மகள் அந்த ஆண்டே கல்லூரியில் சேர வேண்டும். பதினைந்து வருஷமாகச் சேர்த்த பணம் முழுக்கப் பங்குச்சந்தை ஃபண்டுகளில் இருந்தது. "முதல் வருஷ ஃபீஸையாவது இப்போதே எடுத்துவிடுங்கள்" என்றேன். "நல்லா ஏறிட்டிருக்கு சார், ரெண்டு மாசம் பார்க்கலாமே" என்றார்.

மார்ச் கடைசியில் அட்மிஷன் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதற்குள் சந்தை மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் விற்றார். அந்த வருஷ முடிவுக்குள் சந்தை மீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் விற்ற யூனிட்டுகள் அந்த ஏற்றத்தில் இல்லையே.

பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் நாளை மட்டும் இலக்காக வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நான்கு வருஷப் படிப்பு என்றால் கெடு நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

பிள்ளைக்கு இப்போது 8 வயது, முழுப் படிப்புக்கும் இன்றைய செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். அதாவது வருஷத்துக்கு 25. கல்விச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், 18 வயதில் கட்டும் முதல் ஃபீஸ் சுமார் 54, 21 வயதில் கட்டும் கடைசி ஃபீஸ் 68. நான்கும் சேர்ந்தால் 243.

இவ்வளவு ஏறும் செலவை டெபாசிட் வட்டியை மட்டும் வைத்துத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். அதனால் 15 வயது வரை பெரும்பகுதி பங்கில் இருக்கட்டும். 15 ஆனதும் முதல் வருஷ ஃபீஸை மட்டும் டெபாசிட்டுக்கோ குறுகியகாலக் கடன் ஃபண்டுக்கோ மாற்றுங்கள். 16இல் இரண்டாவது, 17இல் மூன்றாவது, 18இல் நான்காவது. எந்த ஃபீஸும் கட்டும் நாளுக்கு மூன்று வருஷம் முன்பே பத்திரமாகிவிடும்.

ஏன் மூன்று? கையில் கொஞ்சம் அவகாசம் இருக்கத்தான். 15 வயதில் சந்தை சரிந்து கிடந்தால் அந்த மாற்றத்தைச் சில மாதம் தள்ளலாம். ஆனால் கெடுவுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, நஷ்டமானாலும் மாற்றியே ஆக வேண்டும். 2007 அக்டோபரில் உச்சத்தில் இருந்த அமெரிக்கச் சந்தைக் குறியீடு எஸ் அண்ட் பி 500, பாதிக்கும் மேல் விழுந்து, பழைய உச்சத்தைத் தொட 2013 ஆகிவிட்டது. அப்படி ஒரு சரிவை இரண்டு மூன்று வருஷம் காத்திருந்து கடந்துவிட முடியாது. இந்த எல்லையை இன்றே எழுதி வையுங்கள். சந்தை ஏறும்போதும் இறங்கும்போதும் தள்ளிப்போட நமக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இன்னொன்று, பத்திரமான இடம் என்று நீண்டகாலக் கடன் பத்திரங்களை வாங்கிவிடாதீர்கள். 2022இல் வட்டி மளமளவென்று ஏறியபோது பல நாடுகளில் அவையும் பங்குகளோடு சேர்ந்தே விழுந்தன. பத்திரம் முதிர்வடையும் தேதி ஃபீஸ் தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.